மூன்றாவது வாரத்தில் மூளை எந்த நிலையில் இருக்கிறது?

கேள்வி: சிகரெட்டை விட்டு மூன்று வாரம் ஆகிறது, காலை எழுந்ததும் இன்னும் தவிப்பாக இருக்கிறது. மூளையில் நிகோடின் ஏற்பிகள் பெருகிவிடும் என்கிறார்களே, ஏன் பெருகுகின்றன? திரும்பக் குறையுமா?

நான் மருத்துவன் அல்லன். கடலூரில் ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டு, நாளுக்கு 15 சிகரெட் வீதம் 14 ஆண்டுகள் புகைத்துவிட்டு நிறுத்தியவன். நிறுத்திய 20ஆம் நாள், "நிகோடின் மூன்று நாளில் போய்விடும், மீதி உங்கள் மனப்பலவீனம்" என்று ஒரு மருத்துவர் சொன்னார். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நரம்பணுக்கள் தமக்குள் செய்தி அனுப்பச் சுரக்கும் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள், நரம்பணுவின் மேற்பரப்பில் கதவு போல இருக்கும் புரதமான ஏற்பியைத் திறந்ததும் சில மில்லி நொடிகளில் ஒரு நொதியால் சிதைக்கப்படுகிறது. நிகோடினும் அதே ஏற்பியைத் திறக்கும். ஆனால் அந்த நொதியால் அதைச் சிதைக்க முடியாது, இரத்தத்தில் அது பாதியாகக் குறையவே ஏறக்குறைய 2 மணி நேரமாகும். இப்படி நாள் முழுவதும் அது ஒட்டிக்கொண்டிருப்பதால் ஏற்பிகள் மரத்துப்போகின்றன.

மரத்ததை ஈடுகட்டவே மூளை புதியவற்றை உண்டாக்குகிறது என்பார்கள். அது முழு விளக்கம் அன்று, ஏனெனில் ஏற்பியைச் செய்யச் சொல்லும் மரபணுச் செய்தி கூடுவதாகத் தெரியவில்லை. ஓர் ஏற்பி என்பது ஐந்து புரதத் துண்டுகள் சேர்ந்தது. நரம்பணுவுக்குள் உருவாகும் துண்டுகளில் பல, சேராமலே சிதைந்துபோகும். நிகோடின் நரம்பணுவுக்குள்ளேயே நுழைந்து அத்துண்டுகள் முழு ஏற்பியாகச் சேரத் துணைசெய்வதால், வீணாகியிருக்கக்கூடியவையும் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. இரவில் நிகோடின் வடியும்போது மரத்தவை விழித்துக்கொள்ள, எண்ணிக்கையும் கூடியிருப்பதால், காலை முதல் சிகரெட்டுக்கு அவ்வளவு தவிப்பு.

குறையுமா என்றால், குறையும். புகைப்பதை விட்டவர்களின் மூளையைப் படமெடுத்து 2009இல் வெளியான ஆய்வில், சுமார் ஒரு மாதம் வரை ஏற்பிகள் மிகுதியாகவே இருந்து, 6 முதல் 12 வாரத்தில் புகைக்காதவர்களின் அளவுக்கு வந்திருந்தன. சிறிய ஆய்வு, சராசரிக் கணக்கு என்று யாரேனும் குறை சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மூன்றாம் வாரத்தில் இருக்கும் உங்களுக்கு அது பொருந்தக்கூடியதே.

23ஆம் நாள் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நண்பனிடம் வாங்கி இரண்டு இழுப்பு இழுத்தேன். ஓரிரு இழுப்பே பாதி ஏற்பிகளை ஏறக்குறைய 3 மணி நேரம் பிடித்துக்கொள்ளும் என்று பிறகு படித்தேன். மறுநாள் காலை, முதல் வாரத்தைப் போலவே விடிந்தது.

பத்தாவது வாரத்தில் காலைத் தவிப்பு நின்றது. டீக்கடையில் யாரேனும் பற்றவைத்தால் மட்டும் கை இன்றும் சட்டைப் பைக்குப் போகிறது; அந்த இடத்தை விட்டு நகர்ந்தால் அடங்கிவிடுவதால், அது பழகிய நினைவின் வேலை என்றே நினைக்கிறேன்.