அவர் 48, இவர் 44: மார்க் எங்கே மாறியது?

"சேலம் பக்கத்தில் ஒரு நெசவாலையில் ஷெட் மேனேஜராக இருக்கிறேன். எனக்குக் கீழே 10 சூப்பர்வைசர்கள். இந்த வருட அப்ரைசலில் முதல் 4 இடங்களுக்குக் கூடுதல் இன்கிரிமென்ட். அந்த நாலு பேரில் மூன்று பேர் என்னைப் போலவே வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். ஷெட்டில் மொத்தமே அப்படி 4 பேர்தான். 'உங்க ஆளுங்களுக்கே போட்டுட்டீங்களா சார்?' என்று ஹெச்.ஆரில் கேட்டுவிட்டார்கள். சத்தியமாக நான் அப்படி நினைத்து மார்க் போடவில்லை. தாளை இணைத்திருக்கிறேன். நான் பாரபட்சம் காட்டினேனா இல்லையா, அதை எப்படித் தெரிந்துகொள்வது?"
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

நீங்கள் நினைத்துச் செய்யவில்லை என்பதை நம்புகிறேன். ஆனால் இந்தப் பாரபட்சம் நினைத்துச் செய்வது அல்ல என்பதால், மனசாட்சியைக் கேட்டால் அது 'இல்லை' என்றுதான் சொல்லும். தாளைக் கேட்போம்.

உங்கள் தாளில் 100 மார்க் இரண்டு பகுதியாக இருக்கிறது. 60 மார்க் எண்ணிப் பார்க்கக்கூடியவற்றுக்கு: தறி எஃபிஷியன்சி, துணியில் விழுந்த குறைகள், வருகை. மீதி 40 மார்க் நீங்கள் பார்த்துப் போடுவது: முன்முயற்சி, ஒத்துழைப்பு, பொறுப்பு, ஆட்களைக் கையாளும் விதம். இந்த இரண்டையும் கூட்டிய பிறகு பார்த்தால் எதுவும் தெரியாது. தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கன்னடம் பேசும் 4 பேருக்கும் முதல் பகுதியில் 47, 44, 49, 42. சராசரி 45.5. மற்ற 6 பேருக்கு 48, 45, 43, 50, 46, 41. அதுவும் சராசரி 45.5 தான். அதாவது எண்ணிப் பார்த்த வேலையில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. இனி இரண்டாவது பகுதி. 4 பேருக்கு 35, 33, 36, 32, சராசரி 34. மற்ற 6 பேருக்கு 27, 29, 28, 31, 28, 25, சராசரி 28. நீங்கள் கையால் போட்ட இடத்தில் மட்டும் ஆளுக்குச் சராசரியாக 6 மார்க் இடைவெளி. இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் நாலு பேரில் கடைசியாக வந்தவருக்கு 32. மற்ற ஆறு பேரில் முதலாவதாக வந்தவருக்கு 31. இரண்டு வரிசையும் ஓர் இடத்தில்கூட ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை. எனக்கு உறுத்தியது சராசரியைவிட இதுதான்.

10 பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த நாலு பேரும் உண்மையிலேயே அதிகப் பொறுப்பானவர்களாக இருக்கலாம். அதனால் சராசரியை விட்டுவிட்டு இரண்டு பேரை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எண்ணும் பகுதியில் 48 வாங்கியவருக்கு உங்கள் மார்க் 27, மொத்தம் 75, ஐந்தாவது இடம். 44 வாங்கியவருக்கு உங்கள் மார்க் 33, மொத்தம் 77, நான்காவது இடம். இன்கிரிமென்ட் இவருக்குப் போனது, அவருக்குப் போகவில்லை.

இந்த இருவருக்கும் குறிப்புக் கட்டத்தில் நீங்கள் எழுதியிருப்பதைத் திரும்பப் படியுங்கள். 44க்கு: "எந்தப் பிரச்னை வந்தாலும் உடனே வந்து சொல்வார். ஜூலையில் எஃபிஷியன்சி இறங்கியது, அம்மாவுக்கு ஆபரேஷன், மனசு சரியில்லை." 48க்கு: "வேலை சுத்தம். தானாக வந்து பேசுவதில்லை. அக்டோபரில் குறை அதிகம், கவனம் போதாது."

ஜூலைக்குக் காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அக்டோபருக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் 'கவனம் போதாது' என்று அவருடைய குணத்தின் மேல் எழுதிவிட்டீர்கள். அக்டோபரில் அவர் வீட்டில் என்ன நடந்தது, அந்த மாதம் எந்த நூல் வந்தது, எத்தனை முறை பாவு அறுந்தது என்று கேட்டீர்களா? நம்மைப் போன்றவர் சறுக்கினால் சூழ்நிலை கண்ணில் படுகிறது, மற்றவர் சறுக்கினால் ஆள்தான் கண்ணில் படுகிறார். மார்க் மாறுவது பேனா எடுக்கும்போது இல்லை, அதற்கு எத்தனையோ மாதம் முன்னால், யாருடைய கதை நம் காதுக்கு வருகிறது என்பதில்.

உங்கள் ஊரில் இது இன்னும் கனமானது. சேலத்து நெசவாளர் தெருக்களில் தமிழோடு கன்னடம், தெலுங்கு, சௌராஷ்டிரம் எல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பேசுகிறார்கள். அங்கே வீட்டு மொழி ஒன்று என்றால் பெரும்பாலும் சமூகமும் ஒன்று, கோயில் ஒன்று, கல்யாண வீட்டில் பார்த்துக்கொள்கிற முகமும் ஒன்று. டீ குடிக்கும் பத்து நிமிடத்தில் வீட்டு மொழியில் நாலு வார்த்தை பேசுவது தப்பே இல்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில்தான் 'உடனே வந்து சொல்வார்' என்ற பெயர் ஒருவருக்குக் கிடைக்கிறது. மற்றவர் அதே பிரச்னையை ஷிஃப்ட் லாக் புக்கில் எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பார். போய்ப் பாருங்கள். அவர் எழுதியது அங்கே இருந்தால், அவருக்கும் முன்முயற்சி இருக்கிறது, உங்களிடம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் போக்கு உங்களுக்கு மட்டும் உரியதும் இல்லை. அமெரிக்க உளவியலாளர் டான் பைர்ன் 1961ல் ஒரு சோதனை செய்தார். முகம் தெரியாத ஒருவர் நிரப்பியதாகச் சொல்லி ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார். தங்கள் கருத்தோடு ஒத்துப்போன தாளைப் பார்த்தவர்கள், அந்த ஆளைப் பிடித்திருக்கிறது என்றது மட்டுமில்லை, புத்திசாலி, ஒழுக்கமானவர் என்றும் மார்க் போட்டார்கள். ஆளே கிடையாது, தாள் மட்டும்தான்.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில் செய்யக் கூடாத ஒன்று. உங்கள் நாலு பேருக்கும் ஆளுக்கு ஆறு மார்க்கைக் குறைத்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். பெர்னார்டின், பென்ஸ் என்ற இருவர் 1980ல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியம். மார்க் போடுகிறவர்களுக்கு 'இந்த இந்தத் தப்பு வரக் கூடாது' என்று பயிற்சி கொடுத்தபோது, அந்தத் தப்புகள் குறைந்தன. மதிப்பீட்டின் துல்லியமும் சேர்ந்தே குறைந்தது. ஆட்களைச் சரியாகப் பார்க்காமல் மார்க்கை மட்டும் பரப்பிப் போடக் கற்றுக்கொண்டார்கள். நியாயமாகத் தெரிய வேண்டும் என்று சொந்தக்காரருக்கே கறாராகப் போடுகிற மேனேஜர்களும் உண்டு. அதுவும் அநியாயம்தான்.

ஹெச்.ஆரிடம் ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். 40 மார்க் பகுதியை வெறுமையாக்கிவிட்டு, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தலைப்பிலும் தேதியோடு இரண்டு சம்பவம் எழுதுங்கள். 'பொறுப்பானவர்' என்பது சம்பவம் இல்லை. 'மார்ச் 12 இரவு ஷிஃப்டில் கரண்ட் போய் வந்தபோது 18 தறியையும் சோதித்த பிறகே ஓட்டினார்' என்பது சம்பவம். நாலு பேருக்குக் கை தானாக எழுதும். மற்ற சிலருக்கு ஒன்றுமே ஞாபகம் வராது. அங்கே நிறுத்துங்கள். ஞாபகம் வராவிட்டால் 'சுமார்' என்று பத்துக்கு ஏழு போட்டுவிடுவதுதான் நம் எல்லோருக்கும் பழக்கம், அந்த ஏழில்தான் மற்றவர்கள் மார்க்கை இழக்கிறார்கள். கட்டத்தை காலியாக விட்டுவிட்டு லாக் புக்கைப் புரட்டுங்கள், ஃபிட்டரைக் கேளுங்கள், அடுத்த ஷிஃப்ட் எடுக்கிறவரைக் கேளுங்கள்.

அப்புறம், அதே 10 பேரின் வேலையைப் பார்க்கிற இன்னொருவர், உங்கள் வீட்டு மொழி பேசாதவர், குவாலிட்டி இன்சார்ஜ் மாதிரி, தனியாக மார்க் போடட்டும். இருவரும் போட்டு முடித்த பிறகே பேச வேண்டும். முதலில் பேசிவிட்டால் சீனியர் சொன்ன எண்ணை ஒட்டியே மற்றவர் எண்ணும் வந்து நிற்கும். 10 பேரில் 3 பேருக்கு மார்க் வேறுபட்டால் பயப்பட வேண்டாம். வேறுபாடெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தால், அதாவது உங்கள் நாலு பேருக்கு மட்டும் அவர் குறைத்தும் மற்றவர்களுக்குக் கூட்டியும் போட்டிருந்தால், ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் சம்பவத்தைக் காட்டி முடிவு செய்யுங்கள். சம்பவம் இல்லாதவர் தன் எண்ணை விட்டுக்கொடுக்க வேண்டும், அது நீங்களாகவே இருந்தாலும்.

60 மார்க் பகுதியையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். எந்தத் தறி யாருக்கு என்று ஒதுக்குவது யார்? நீங்கள்தானே. ஒரே ரகம் மாதக்கணக்கில் ஓடுகிற தறியில் எஃபிஷியன்சி தானாக நிற்கும். அடிக்கடி ரகம் மாறி, பாவு மாற்றி, பழைய தறியில் ஓட்டுகிறவருக்கு எவ்வளவு உழைத்தாலும் இறங்கும். இரு தரப்புக்கும் 45.5 வந்திருக்கிறது. 48 வாங்கியவர் பழைய வரிசையிலும் 44 வாங்கியவர் புது வரிசையிலும் இருந்திருந்தால், அந்த 4 மார்க் இடைவெளி உண்மையில் இன்னும் பெரியது. ஒதுக்கீட்டுப் பதிவை எடுத்து இதை ஒருமுறை பாருங்கள்.

இதே பிரிப்பை வேறு மாதிரியும் செய்து பார்க்கலாம். உங்களைப் போல டிப்ளமோ படித்து வந்தவர்கள் ஒரு பக்கம், தறி ஓட்டி மேலே வந்தவர்கள் ஒரு பக்கம். உங்கள் ஷிஃப்டில் இருப்பவர்கள், இரவு ஷிஃப்டில் இருப்பவர்கள். மொழியைவிடப் பெரிய இடைவெளி அங்கே இருந்தாலும் இருக்கலாம்.

அடுத்த வருடத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். 10 பெயர், பெயருக்கு ஒரு பக்கம், பதினைந்து நாளுக்கு ஒரு வரி, நல்லதோ கெட்டதோ தேதியோடு. மூன்று மாதம் கழித்து புரட்டினால் சில பக்கம் நிறைந்திருக்கும், சில பக்கம் வெள்ளையாக இருக்கும். வெள்ளைப் பக்கத்துக்காரர் தறிப் பக்கம் அந்த வாரமே போய் நில்லுங்கள். வருடக் கடைசியில் தாளைத் திருத்துவதைவிட இது சுலபம்.

மறுபரிசீலனையில் 48 மேலே போய் 44 கீழே இறங்கினால், 44ஐ நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. 'மார்க் மாறியிருக்கிறது, காரணம் இது' என்று சம்பவங்களைக் காட்டுங்கள். வீட்டு மொழியில் சமாதானம் சொல்லாமல் ஷெட்டில் எல்லோரிடமும் பேசுகிற தமிழில் சொல்லுங்கள், மற்றவர்கள் காதில் விழுந்தாலும் பரவாயில்லை என்கிற மாதிரி. வரிசை மாறாமல் அப்படியே வந்தாலும் அந்தச் சம்பவங்களும் தேதிகளும் தாளோடு ஹெச்.ஆருக்குப் போகட்டும். அவர்கள் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.