லோன் முடியாத காரை நஷ்டத்துக்கு விற்பது: துண்டு விழும் பணத்தை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: காருக்கு லோன் பாக்கி நிறைய இருக்கு. ஆனா வண்டிக்கு அந்தப் பாக்கியைவிடக் குறைவாத்தான் கேட்கிறாங்க. இப்படி இருக்கும்போது விற்க முடியுமா? துண்டு விழுற பணத்துக்கு என்ன செய்யறது?

பதில்:

முடியும். நானே 2024 ஜனவரியில் கோயம்புத்தூரில் அப்படித்தான் விற்றேன். ஆனால் ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். லோன் கணக்கில் ஒரு ரூபாய் பாக்கி இருந்தாலும் கடன் கொடுத்தவர்கள், பாக்கி இல்லை என்பதற்கான என்.ஓ.சி. சான்றைத் தர மாட்டார்கள். அது இல்லாமல் ஆர்.சி. பெயர் மாறாது. அதனால் வாங்க ஆள் தேடுவதற்கு முன்பே, துண்டு விழும் தொகையை எங்கிருந்து கொண்டுவருவது என்று முடிவு செய்துவிட வேண்டும்.

என் கணக்கைச் சொல்கிறேன். 2022 ஜனவரியில் வாங்கிய வண்டி. ஷோரூம் விலை 8.60 லட்சம். சாலை வரி அப்போது 10 சதவீதம், அது 86,000. இன்சூரன்ஸும் மற்றதும் சேர்த்து கிட்டத்தட்ட 9.90 லட்சம் ஆனது. கையிலிருந்து 90,000 போட்டேன், மீதி 9 லட்சம் லோன். வட்டி 9.5 சதவீதம், 84 மாதம், மாதத் தவணை 14,710. துண்டு விழுந்ததற்குக் காரணம் இங்கேயே இருக்கிறது. வாங்குகிறவர் வண்டிக்குத்தான் விலை போடுவார், நாம் கட்டிய சாலை வரிக்கும் முடிந்துபோன இன்சூரன்ஸுக்கும் போட மாட்டார். நானோ அதற்கும் சேர்த்துக் கடன் வாங்கியிருந்தேன். போதாததற்கு ஏழு வருடக் கடன். முதல் 24 தவணையாக 3.53 லட்சம் கட்டியும் அசலில் கழிந்தது 2 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. மீதி முழுக்க வட்டி. அசல் பாக்கி 7,00,400.

செயலியில் தெரிகிற இந்தத் தொகையை வைத்து விலை பேசாதீர்கள். கணக்கை முடிக்க மொத்தம் எவ்வளவு என்று காட்டும் 'ஃபோர்குளோஷர் ஸ்டேட்மென்ட்' என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். என்னுடையதில் அசலுக்குக் கீழே இன்னும் மூன்று வரிகள் இருந்தன. கடைசித் தவணைத் தேதியிலிருந்து 15 நாள் வட்டி 2,735. முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம் 3 சதவீதம், 21,012. அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., 3,782. ஆக மொத்தம் 7,27,929. வண்டிக்குப் பேசி முடித்த விலை 6,20,000. நான் 80,000 துண்டு விழும் என்று நினைத்திருந்தேன், விழுந்தது 1,07,929. ஸ்டேட்மென்ட்டில் 'இந்தத் தேதி வரை செல்லும்' என்று போட்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் வட்டி ஏறும். எனக்கு நாளைக்கு 182 ரூபாய்.

கட்டண விகிதம் உங்கள் லோன் ஒப்பந்தத்திலேயே இருக்கும், எடுத்துப் பாருங்கள். 2026 ஜனவரி 1 முதல் கொடுக்கப்படும் மாறும் வட்டிக் கடன்களுக்கு, தனிநபர்கள் சொந்தத் தேவைக்கு வாங்கியிருந்தால் இந்தக் கட்டணம் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் கார் லோன் பெரும்பாலும் நிலையான வட்டிதான். அதனால் அதை நம்பி உட்கார வேண்டாம்.

அடுத்த கேள்வி, இப்போதே விற்பதா, காத்திருப்பதா? இதற்கு இரண்டு எண்களை ஒப்பிட்டால் போதும்: அடுத்த ஒரு வருடத்தில் அசல் எவ்வளவு குறையும், வண்டி விலை எவ்வளவு குறையும். எனக்கு அசல் 1.15 லட்சம் குறைந்திருக்கும். வண்டி அதே நேரத்தில் ஒரு 60,000 இறங்கும் என்று சந்தையில் சொன்னார்கள். ஆக, காத்திருந்தால் துண்டு சுமார் 55,000 குறையும். ஆனால் அதற்காக நான் 1.76 லட்சம் தவணை கட்ட வேண்டும், ஒரு இன்சூரன்ஸும் புதுப்பிக்க வேண்டும். வேலை மாறிச் சம்பளம் குறைந்திருந்த நேரம் அது. தவணை கட்டச் சிரமமே இல்லை, வண்டி பிடிக்காமல்தான் விற்கிறீர்கள் என்றால் காத்திருப்பது சரி. தவணையே கழுத்தை நெரிக்கிறது என்றால், ஒன்றுகூடத் தவறாமல் இருக்கும்போதே விற்றுவிடுங்கள். தவணை தவற ஆரம்பித்தால் அபராதம் சேரும், துண்டும் பெருகும்.

பணத்துக்கு நான் போனது நகைக்கடனுக்கு. மனைவியின் வளையல்களை வைத்து 1 லட்சம் எடுத்தோம், மீதி 8,000 கையிலிருந்து. பர்சனல் லோனும் விசாரித்தேன். வட்டி அதிகம், அதோடு இரண்டு மூன்று வருடத்துக்கு இழுக்கிறார்கள். நகைக்கடனை எப்போது வேண்டுமானாலும் பகுதி பகுதியாக அடைக்கலாம். கார் தவணைக்குக் கட்டிக்கொண்டிருந்த அதே 14,710-ஐ மாதாமாதம் அதில் கட்டினோம், எட்டாவது மாதம் வளையல் வீட்டுக்கு வந்துவிட்டது. துண்டு விழுந்த பணம் என்ற மலைப்பு, அதை 'இன்னும் எட்டுத் தவணை' என்று பார்த்தபோதுதான் எனக்குக் குறைந்தது.

அப்புறம் கைமாற்றும் நாள். வண்டி பார்க்க வந்தவர் பொள்ளாச்சிப் பக்கம் கடை வைத்திருப்பவர். எல்லாம் பிடித்த பிறகு ஆர்.சி. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, வண்டி பிடிச்சிருக்கு. ஆனா இதுல லோன் கொடுத்தவங்க பேரு இருக்குதே, நான் எதை நம்பி ஆறு லட்சத்தைப் போடறது?" நியாயமான கேள்வி. அவர் பணம் வராமல் லோன் முடியாது, லோன் முடியாமல் அவருக்கு வண்டி எழுதித்தர முடியாது.

இந்த முடிச்சை அவிழ்க்க, துண்டுப் பணத்தை நாம் முதலில் கட்ட வேண்டும். நான் அவரையும் கூட்டிக்கொண்டு கடன் கொடுத்த கிளைக்கே போனேன். அவர் கண்முன்னாலேயே 1,07,929-ஐ லோன் கணக்கில் கட்டினேன், ரசீது வாங்கினேன். பாக்கி சரியாக 6,20,000 என்று அதிகாரியையே அவரிடம் சொல்லச் சொன்னேன். அதன் பிறகு அவர் 6 லட்சத்தைத் தன் வங்கியிலிருந்து ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் நேராக லோன் கணக்குக்கு அனுப்பினார், என் கணக்குக்கு அல்ல. மீதி 20,000 ஏற்கெனவே டோக்கன் அட்வான்ஸாக என்னிடம் கொடுத்தது, அதையும் அங்கேயே கட்டினேன். எந்தப் பணம், எந்தக் கணக்கு, என்.ஓ.சி. வராவிட்டால் என்ன என்பதை ஒரு பக்க ஒப்பந்தமாக எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். வண்டியையும் சாவியையும் அன்றே கொடுக்கவில்லை. காகிதம் வந்த பிறகுதான் கொடுத்தேன், அவரும் ஒத்துக்கொண்டார்.

தேதியையும் பார்த்து வையுங்கள். எனக்குத் தவணை 5-ஆம் தேதி, கணக்கை முடித்தது 20-ஆம் தேதி. தவணைக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் முடித்தால், ஏற்கெனவே அனுப்பிவிட்ட ஆட்டோ டெபிட் உங்கள் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிடும். பிறகு திரும்ப வாங்க அலைய வேண்டும்.

இன்னொரு இடத்தில் பலர் மாட்டுகிறார்கள். அதே வங்கியில் உங்களுக்கு பர்சனல் லோனோ கிரெடிட் கார்டு பாக்கியோ இருந்தால், கார் லோன் முடிந்தாலும் என்.ஓ.சி.யை நிறுத்திவைக்கலாம். ஒப்பந்தத்தில் அதற்கு இடம் வைத்திருப்பார்கள். விலை பேசும் முன்பே கிளையில் கேட்டுவிடுங்கள்.

எனக்கு என்.ஓ.சி.யும், ஆர்.சி.யிலிருந்து அடமானத்தை நீக்குவதற்கான ஃபார்ம் 35-ம் பத்து நாளில் வந்தன. ஃபார்ம் 35 இரண்டு பிரதி, இரண்டிலும் கடன் கொடுத்தவர் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். வண்டி எண், எஞ்சின் எண், சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என்னுடையதில் சேசிஸ் எண்ணில் ஒரு எழுத்து மாறியிருந்தது, திருப்பிக் கொடுத்து வாங்க மூன்று நாள் ஆனது. ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போன பிறகு இந்தத் தவறு தெரியவந்திருந்தால் இன்னும் அலைச்சல். என்.ஓ.சி. பொதுவாக மூன்று மாதம்தான் செல்லும், அதனால் உடனே போங்கள். அடமானப் பெயரை நீக்குவதையும், ஃபார்ம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றுவதையும் சேர்த்தே செய்துவிடலாம்.

"தவணையை நான் கட்டிக்கிறேன், வண்டியைக் கொடுங்க, லோன் முடிஞ்சதும் பேர் மாத்திக்கலாம்" என்று யாராவது வந்தால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். கையிலிருந்து ஒன்றும் போட வேண்டாமே என்று ஆசையாக இருக்கும். ஆனால் அவர் தவணை தவறினால் விழுவது உங்கள் சிபில். வண்டி யார் மீதாவது மோதினால் நஷ்டஈடும் உங்கள் தலையில். ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் அவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் நவீன்குமார் – விஜய்குமார் வழக்கில் சொல்லிவிட்டது. கடன் கொடுத்தவருக்குத் தெரியாமல் வண்டியைக் கைமாற்றுவது ஒப்பந்த மீறலும்கூட.

வண்டியையே ஒப்படைத்துவிட்டால் கடன் தீர்ந்தது என்றும் சிலர் நினைக்கிறார்கள். தீராது. அவர்கள் ஏலம் விடுவார்கள், ஏலத்தில் வெளிச் சந்தை விலை வராது, ஏலத்தில் வந்த பணம் போக மீதியை உங்களிடமே கேட்பார்கள். 'செட்டில்மென்ட்' பேசி பாதித் துண்டைத் தள்ளுபடி வாங்கினாலும், சிபிலில் 'க்ளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்று விழும். அடுத்து வீட்டுக்கடனுக்குப் போகும்போது அந்த ஒரு சொல்லைத்தான் முதலில் கேட்பார்கள்.

இன்சூரன்ஸில் உங்களுக்கு நோ கிளெய்ம் போனஸ் சேர்ந்திருந்தால் அது வண்டியோடு போகாது, உங்களுடையது. விற்றதற்கான ஆதாரத்தைக் கொடுத்து அதற்கான கடிதம் வாங்கி வையுங்கள், அடுத்த வண்டிக்கு உதவும். ஒன்றிரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையில் லோன் 'க்ளோஸ்டு' ஆகியிருக்கிறதா, பரிவாகன் தளத்தில் வண்டி வாங்கியவர் பெயருக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். எனக்குப் பெயர் மாறியது 5 வாரத்தில். சிபிலில் ஏற இரண்டு மாதம் ஆனது.