ட்ரெட்மில்லில் ஆறு சதவீதச் சாய்வு: எவ்வளவு ஏறுகிறோம்?

"நகரியில் இருக்கிறேன். புரட்டாசியில் அலிபிரி வழியாக திருமலைக்கு நடக்க ஆசை. ஜிம்மில் 5 கி.மீ. வேகம், இன்க்ளைன் 6 வைத்து 40 நிமிடம் நடக்கிறேன். வெளியே அது என்ன வேகத்துக்குச் சமம்? எத்தனை மீட்டர் ஏறியிருப்பேன்? மலைக்கு இது போதுமா?"

ஏற்றக் கணக்கு சுலபம். 40 நிமிடத்தில் பெல்ட் ஓடிய தூரம் 3,333 மீட்டர். அதில் நூற்றுக்கு ஆறு என்றால் 200 மீட்டர். திருப்பதி ஊருக்கும் திருமலைக்கும் உயர வித்தியாசம் சுமார் 650 முதல் 700 மீட்டர். அதாவது தினமும் மலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஏறுகிறீர்கள்.

உழைப்பைப் பார்ப்போம். சமதரையில் 5 கி.மீ. வேகத்தில் நடந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல சுமார் 3.4 மடங்கு சக்தி செலவாகும். ஆறு சதவீதச் சாய்வில் அது 6 மடங்கு ஆகிறது. அதே உழைப்பைச் சமதரையில் கொடுக்க, மணிக்கு ஆறரை ஏழு கி.மீ. வேகத்தில், இன்னும் கொஞ்சம் போனால் ஓட்டமாகிவிடும் என்கிற அளவுக்கு விரைந்து நடக்க வேண்டும்.

இதெல்லாம் கைப்பிடியைப் பிடிக்காமல் நடந்தால்தான். பிடித்துக்கொண்டு உடம்பைப் பின்னால் சாய்த்தால் எடையில் ஒரு பகுதியைக் கை தாங்கிக்கொள்ளும். திரையில் எண் மட்டும் மாறாமல் நிற்கும். கையை விட்டதும் நாடித்துடிப்பு எகிறினால், இதுவரை மிஷினை ஏமாற்றியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

திரையில் இருக்கும் 6 உண்மையிலேயே ஆறு சதவீதம்தானா என்பதையும் பார்த்துவிடுங்கள். சில மிஷின்களில் அது வெறும் 'லெவல்' எண். மிஷினை நிறுத்தி, ஒரு மீட்டர் நீள நேரான சட்டத்தின் ஒரு முனையை பெல்ட்டின் மேட்டுப் பக்கம் வையுங்கள். மேலே கொத்தனார் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை மறுமுனையைத் தூக்குங்கள். அந்த முனைக்கும் பெல்ட்டுக்கும் இடைவெளி 6 செ.மீ. இருந்தால் சரி.

போதுமா என்றால், நான் வேகத்தைக் குறைக்கச் சொல்வேன். 4 கி.மீ. வேகம், 10 சதவீதச் சாய்வு வைத்துப் பாருங்கள். உழைப்பு ஏறக்குறைய அதேதான், ஆனால் 40 நிமிடத்தில் 267 மீட்டர் ஏறிவிடுவீர்கள். அலிபிரியில் யாரும் 5 கி.மீ. வேகத்தில் ஏறுவதில்லை, காலி கோபுரம் வரை நல்ல செங்குத்து வேறு. கால் பழகிய பிறகு வாரத்தில் ஒரு நாள் மட்டும் இதையே 80 நிமிடம் நடங்கள், 530 மீட்டர் வரும்.

ட்ரெட்மில்லில் படியும் கிடையாது, இறக்கமும் கிடையாது. மொத்தம் 3,550 படிகள் என்பதால், மாடி வீடு இருந்தால் படியேறுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது நடந்தே இறங்கும் எண்ணம் இருந்தால் படி இறங்கியும் பழக வேண்டும். இல்லையென்றால் மறுநாள் தொடை பிடித்துக்கொள்ளும். பஸ்ஸில் இறங்குவதாக இருந்தால் அந்தக் கவலை இல்லை.