அடுத்த வரி முன்கூட்டியே தெரிந்துவிடும்போது

கேள்வி: கையால் தைத்த நோட்டுப்புத்தகங்களைச் செய்து இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். 'பிரச்சினை, தீர்வு, சான்று' என்ற வாய்பாட்டை ஒரு வகுப்பில் கற்றுக்கொண்டு, ஒரு வருடமாக எல்லாப் பதிவுகளுக்கும் அதன்படியே கேப்ஷன் எழுதுகிறேன். ஆரம்பத்தில் நிறையப் பேர் விசாரித்தார்கள். இப்போது என் தோழியே, "முதல் வரியைப் பார்த்தால் மீதி எல்லாம் தெரிந்துவிடுகிறது" என்கிறாள். வாய்பாட்டை விட்டுவிடலாமா? கடைசியாக எழுதியது இது: "உங்கள் நோட்டுப்புத்தகம் சீக்கிரம் கிழிந்துபோகிறதா? பக்கங்கள் உதிர்கின்றனவா? இனி கவலை வேண்டாம்! எங்கள் கைத்தையல் நோட்டுகள் உங்களுக்காகவே! நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களின் நம்பிக்கையைப் பெற்றவை. இன்றே ஆர்டர் செய்யுங்கள்!"

பதில்: அன்புள்ள வாசகி, வாய்பாட்டை விட வேண்டாம், ஆனால் இந்தக் கேப்ஷனை விட்டுவிடலாம். இதில் 'நோட்டுப்புத்தகம்' என்று வரும் இடத்தில் 'குடை' என்றும், 'பக்கங்கள் உதிர்கின்றனவா' என்பதற்குப் பதிலாகக் 'கம்பிகள் கழன்றுவிடுகின்றனவா' என்றும் போட்டுப் படித்துப் பாருங்கள். வேறு எதையும் பெரிதாக மாற்றாமலேயே ஒரு குடை வியாபாரி நாளைக் காலையில் இதை வெளியிட்டுவிடலாம். வாய்பாட்டு வாடை அடிப்பது இதனால்தான். பிரச்சினை, தீர்வு, சான்று என்ற வரிசை மனிதர்கள் இயல்பாகவே பேசும் வரிசை, அதில் தவறில்லை. அந்த மூன்று பெட்டிகளுக்குள்ளும் உங்கள் நோட்டுக்கு மட்டுமே உரிய ஒரு பொருளாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி, இங்கே ஒன்றுகூட இல்லை.

இத்தகைய வாய்பாடுகள் எதற்காகப் பிறந்தன என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கவனம், ஆர்வம், விருப்பம், செயல் என்ற பழைய விளம்பர வரிசை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் இருந்த எல்மோ லூயிஸ் என்ற விளம்பரக்காரரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. பத்திரிகை விளம்பரமும் அஞ்சலில் வரும் விற்பனைக் கடிதமும் முன்பின் அறியாத ஒருவரை ஒரே ஒரு தடவை நிறுத்திப் பேசுபவை; அவருக்கு இந்த வரிசை புதிதாகவே இருக்கும். உங்கள் பதிவுகளைப் பார்ப்பவர்களோ பெரும்பாலும் அதே ஆட்கள், வாரத்துக்கு மூன்று முறை பார்ப்பவர்கள். முதல் மாதத்தில் அவர்களுக்கு வேலை செய்த வரிசை, ஆறாம் மாதத்தில் மனப்பாடம் ஆகிவிடுகிறது. உங்கள் தோழி சொன்னது இதைத்தான்.

முதலில் பிரச்சினையை எடுத்துக்கொள்வோம். "கிழிந்துபோகிறதா?" என்று கேட்டவுடன் வாசகர் மனத்துக்குள் "இல்லையே" என்று பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார், ஏனென்றால் நோட்டு கிழிவதை யாரும் ஒரு துயரமாக மனத்தில் வைத்திருப்பதில்லை. தமிழில் இந்தக் கேள்விகளெல்லாம் 'ஆ' என்ற ஒரே ஓசையில் முடிவதால், இரண்டு மூன்று அடுத்தடுத்து வந்தால் ஒலிபெருக்கி அறிவிப்பு போலக் கேட்கும் என்பது தனிக் கஷ்டம். கேள்வியாகக் கேட்பதை விடுத்து, வாசகரின் கைக்கும் கண்ணுக்கும் பழக்கமான ஒரு கணத்தைக் காட்டுங்கள். பசையால் ஒட்டிய தடிமனான நோட்டில் இடது பக்கத்தில் எழுதும்போது வலது பக்கம் எழுந்து கையில் இடிக்கும். முழங்கையால் அதை அழுத்திக்கொண்டே எழுதுவோம். இதைப் படிப்பவர் தன் முழங்கையை நினைத்துக்கொள்வார். அந்த இடத்தில் குடையைப் போட முடியாது.

தீர்வுப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது ஒரு வாக்கியத்துக்கு மேல் போகக்கூடாது. 'எங்கள் நோட்டுகள் உங்களுக்காகவே' என்பது தீர்வே அல்ல, ஓர் உபசார வார்த்தை. என்ன செய்திருக்கிறீர்கள், அதனால் ஏன் அந்தத் தொல்லை வராது என்ற காரணம்தான் தீர்வு.

பெரும்பாலான கேப்ஷன்கள் சாய்வது சான்றில். 'நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களின் நம்பிக்கை' என்பதை வாசகரால் சரிபார்க்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஆகவே அது காதில் விழுந்தும் விழாதது போலப் போய்விடுகிறது. 'அருமையான நோட்டு, நன்றி' என்று ஒருவர் அனுப்பிய செய்தியின் படமும் கிட்டத்தட்ட அதே ரகம்தான், ஏனென்றால் நீங்கள் எழுப்பிய பிரச்சினைக்கும் அந்தப் பாராட்டுக்கும் தொடர்பில்லை. சான்று என்பது நீங்கள் முதலில் சொன்ன அதே பிரச்சினை தீர்ந்திருப்பதைக் காட்ட வேண்டும். நோட்டு தட்டையாக விரியாது என்பது பிரச்சினையானால், நடுப்பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடும் பத்து விநாடி வீடியோவே சான்று. பக்கம் உதிரும் என்பது பிரச்சினையானால் அந்த வீடியோ எதையும் நிரூபிக்காது. ஒரு வருடம் தினமும் பயன்பட்ட நோட்டின் முதுகை அருகில் எடுத்த படம் வேண்டும். வாடிக்கையாளர் சொன்னதைப் போடுவதானால், 'இடது பக்கத்தில் எழுதும்போது கை வலிக்கவில்லை' என்பது போல இடம் குறித்துச் சொன்ன ஒரு வரி கிடைக்கும்வரை காத்திருங்கள், அவரிடம் அனுமதியும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி ஒரு வரி கிடைக்கவில்லையென்றால் நீங்களே எழுதிப் போட்டுவிடக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

சான்றுக்குள் சேர்க்க வேண்டிய இன்னொன்று, அது எதுவரை செல்லுபடியாகும் என்ற எல்லை. தைத்த நோட்டிலும் எல்லாப் பக்கங்களும் ஒரே மாதிரி விரிவதில்லை என்பது உங்களுக்கே தெரியும்: ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் நன்றாகப் படியும், ஒரு மடிப்பும் அடுத்ததும் சேரும் இடத்தில் சற்றுக் குறைவாகப் படியும், அட்டையை ஒட்டிய முதல் சில பக்கங்களும் கடைசிச் சில பக்கங்களும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். இதை மறைக்காமல் எழுதினால் மீதிச் சொன்னதெல்லாம் நம்பும்படி ஆகிவிடும். வாய்பாட்டை மட்டும் பார்த்து எழுதுபவர் இந்த வரியை எழுதமாட்டார், ஏனென்றால் அவருடைய மூன்று பெட்டிகளில் இதற்கு இடமே கிடையாது.

உங்கள் கேப்ஷனை நான் எழுதியிருந்தால் ஏறக்குறைய இப்படி வந்திருக்கும்:

"இடது பக்கத்தில் எழுதும்போது வலது பக்கம் எழுந்து கையில் இடிக்கும், முழங்கையால் அழுத்திக்கொண்டே எழுதி முடிப்போம். முதுகில் பசை மட்டும் வைத்து ஒட்டிய தடித்த நோட்டில் பெரும்பாலும் அப்படித்தான். இதில் நாலு நாலு தாளாக மடித்து, மடிப்பின் நடுவே மெழுகு பூசிய நூலால் தைத்திருக்கிறேன். வீடியோவில் நடுப்பக்கத்தைத் திறந்துவிட்டுக் கையை எடுத்துவிட்டேன், பாருங்கள். அட்டையை ஒட்டிய சில பக்கங்கள் மட்டும் இவ்வளவு தட்டையாகப் படியாது."

இதிலும் அதே மூன்று பகுதிகள் அதே வரிசையில்தான் இருக்கின்றன. ஆனால் 'இனி கவலை வேண்டாம்', 'இதோ தீர்வு', 'அதற்காகத்தான் நாங்கள்' போன்ற மூட்டு வார்த்தைகள் இல்லை. ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று அறிவிக்கும் இந்த வார்த்தைகள்தான் வாய்பாட்டின் எலும்பை வெளியே துருத்திக் காட்டுகின்றன. எழுதி முடித்தபின் அவற்றை அடித்துவிட்டுப் படியுங்கள். வாக்கியங்கள் தாமாகவே ஒன்றோடொன்று ஒட்டி நின்றால் சரி. ஒட்டாமல் விழுந்தால், பிரச்சினைக்கும் தீர்வுக்கும் நடுவே இருக்க வேண்டிய காரணத்தை நீங்கள் எழுதவில்லை என்று பொருள். வீடியோ காட்டுவதைக் கேப்ஷன் மறுபடி வருணிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். படம் சான்றைத் தாங்குகிறபோது கேப்ஷனில் சான்றுக்கு ஒரு சுட்டு போதும்.

முதல் வாக்கியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கேப்ஷனில் 2,200 எழுத்துகள் வரை இடமுண்டு என்றாலும், விரித்துப் பார்க்காதவருக்குத் தொடக்கத்தில் ஓரிரு வரிகள்தான் தெரியும். தமிழ்ச் சொற்களின் நீளத்துக்கு அதில் அதிகம் கொள்ளாது. அந்தச் சிறிய இடத்தை 'உங்கள் நோட்டுப்புத்தகம்' என்று தொடங்கியே பாதி செலவழித்துவிடுகிறீர்கள்.

நானும் இதில் நல்ல பிள்ளை இல்லை. ஒரு சிறு நிறுவனத்துக்காக ஒரே மத்தியானத்தில் பன்னிரண்டு கேப்ஷன்கள் எழுதிக் கொடுத்தேன். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் தேறும். நானே இரண்டு மூன்றைப் பார்த்து மகிழ்ந்தேன். ஏழாவது பதிவின் கீழே ஒருவர், "இனி கவலை வேண்டாம் எந்த வரியில் வருகிறது என்று பார்க்க வந்தேன்" என்று எழுதிவிட்டுப் போனார். நான் ஒவ்வொன்றாக எழுதினேன், அவர் வரிசையாகப் படித்தார். அதிலிருந்து புதிதாக ஒன்றை வெளியிடுமுன், கடைசி ஒன்பது பதிவுகளின் முதல் வாக்கியங்களை மட்டும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்க்கிறேன். நாலைந்து வாக்கியங்கள் ஒரே இலக்கண வடிவில் தொடங்கினால், புதியது எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதன் தொடக்கத்தை மாற்றிவிடுவேன். சில சமயம் எல்லையைச் சொல்லும் வாக்கியமே முன்னால் வந்துவிடும். 'அட்டையை ஒட்டிய பக்கங்கள் மட்டும் தட்டையாகப் படியாது' என்று தொடங்கினால், ஏன் என்று கேட்டுக்கொண்டே வாசகர் தொடர்வார்.

இன்னொன்று, பிரச்சினையே இல்லாத பதிவுகளும் உண்டு. அட்டைக்கு வண்ணம் மிதக்கவிட்டு எடுத்த மேகக்கோலத் தாளைப் போட்டிருந்தால், 'உங்கள் நோட்டு அழகில்லையே என்ற வருத்தமா?' என்று ஒரு வருத்தத்தை உண்டாக்கிக் கேட்பது வாசகரைச் சற்றே அவமதிப்பதுதான். அந்தப் பதிவுக்கு, நீரில் மிதக்கும் வண்ணத்தைத் தாள் எப்படி ஒரே தடவையில் உறிஞ்சியது, அதே கோலம் இரண்டாம் முறை ஏன் வராது என்று எழுதினால் போதும். புதிதாக நோட்டுகள் தயாரானதைத் தெரிவிக்கும் பதிவுக்கு அளவு, தாள் எண்ணிக்கை, எத்தனை இருக்கின்றன என்ற விவரங்கள் மட்டும் போதும். அங்கே எந்த வாய்பாடும் தொல்லைதான்.

பணம் கட்டி, உங்களை அறியாதவர்களுக்குக் காட்டும் விளம்பரம் என்றால் கதை வேறு. அவர் உங்களை முதன்முதலாகப் பார்க்கிறார், மனப்பாடம் ஆவதற்கு வாய்ப்பில்லை. அங்கே மூன்று பகுதிகளும் வெளிப்படையாக வரிசையில் நிற்கட்டும். ஆகவே மேலே எழுதிய கேப்ஷனை விளம்பரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் பின்தொடர்பவர்களுக்கு அதை ஒரே ஒரு தடவை காட்டலாம். 'இன்றே ஆர்டர் செய்யுங்கள்' என்பதை இரண்டு இடத்திலும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நோட்டின் நீள அகலத்தையும், கோடு போட்டதா வெற்றுத்தாளா என்பதையும், எந்த எண்ணுக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். வாங்க நினைப்பவர் அடுத்துக் கேட்பது இவற்றைத்தான்.