590 ரூபாய் எதற்குப் போனது?

"என் வங்கிக் கணக்குத் தாளில் ஜூன் 5-ல் ACH D- என்று போட்டு, ஒரு நிதி நிறுவனத்தின் பெயரோடு 2,400 ரூபாய் போயிருக்கிறது. ஜூலையில் அது இல்லை. ஆனால் 7-ம் தேதி ACH D RTN CHRG என்று 590 ரூபாய் எடுத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே I/W CHQ RET என்று ஒரு வரி. யாராவது கணக்கில் கை வைத்துவிட்டார்களா?"

அப்படித் தெரியவில்லை. ACH D- என்று தொடங்கினால், கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் எப்போதோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அனுமதியின், அதாவது மேன்டேட்டின்படி தானாகப் போகும் பணம். ஜூலைத் தவணை வந்த நேரத்தில் கணக்கில் போதிய பணம் இருந்திருக்காது, திரும்பிவிட்டது. RTN என்பது அதுதான். 590 ரூபாய் உங்கள் வங்கி போட்ட அபராதம்: 500 ரூபாயும், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 90 ரூபாயும். நிதி நிறுவனம் தன் பங்குக்குத் தனி அபராதம் போடலாம். அதே தவணையை அது மறுபடி அனுப்பி, அதுவும் திரும்பினால் இன்னொரு 590 போகும். தவணைத் தேதிக்கு முந்தைய நாளே பணத்தைப் போட்டுவிடுங்கள். ஞாயிறு, விடுமுறை என்று நம்பி இருக்க வேண்டாம். 2021 ஆகஸ்டிலிருந்து இந்தத் தானியங்கிப் பற்று எல்லா நாளும் நடக்கிறது.

I/W CHQ RET வரிதான் பலரைக் குழப்புவது. I/W என்றால் 'உள்ளே வந்தது', ஆனால் உங்களுக்கு அல்ல, வங்கிக்கு. நீங்கள் ஒருவருக்குக் கொடுத்த செக் அவர் வங்கி வழியாக உங்கள் வங்கிக்கு வந்து திரும்பியிருக்கிறது. உங்களுக்கு வந்த செக்கை நீங்கள் போட்டு அது திரும்பினால் O/W என்று வரும். வாடிக்கையாளருக்கு அனுப்பும் தாளில் வங்கி தன் பார்வையிலிருந்தே எழுதுவது என்ன நியாயமோ! அந்த வரியில் இருக்கும் ஆறு இலக்க எண்ணை செக் புத்தகத்தின் அடிக்கட்டையில் தேடுங்கள், யாருக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும். அவருக்கு உடனே பணத்தைக் கட்டிவிடுங்கள். பணம் போதாமல் செக் திரும்பி, அவர் சட்டப்படி நோட்டீஸ் அனுப்பினால், அது கைக்கு வந்ததிலிருந்து 15 நாள்தான் அவகாசம்.

அப்புறம், அந்த மேன்டேட். ஏஜென்ட் நீட்டிய படிவத்தில் 'அதிகபட்சத் தொகை', முடியும் தேதி இரண்டையும் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டீர்களா? "நானே நிரப்பிக்கொள்கிறேன் சார்" என்பார்கள். 2,400 ரூபாய் தவணைக்கு 50,000 என்று நிரப்பி வைப்பார்கள். நெட் பேங்கிங்கில் மேன்டேட் பட்டியலைத் திறந்து, அல்லது கிளையில் கேட்டு, உங்களுடையதில் என்ன தொகை இருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் UMRN என்று 20 எழுத்து-எண் கொண்ட குறியீடு இருக்கும். ரத்து செய்ய அதைக் குறிப்பிட்டு வங்கியிலேயே எழுதிக் கொடுங்கள்; ஏஜென்டிடம் சொன்னால் அது காற்றோடு போகும். கடன் தவணையாக இருந்தால் மட்டும் அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள். மேன்டேட் போனாலும் கடன் அப்படியே நிற்கும், தவறிய தவணைக்கு வட்டியும் ஏறும்.