அடிக்கடி தாமதமாக வரும் பணியாளருக்குக் கண்டிப்பாகவும் மனம் நோகாமலும் எப்படி எழுதுவது?

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் ஒரு சிறிய ஆலையில் மேலாளராக இருக்கிறேன். நன்றாக வேலை செய்யும் ஆபரேட்டர் ஒருவர் அடிக்கடி தாமதமாக வருகிறார். கண்டிக்கவும் வேண்டும், அவர் மனம் நோகவும் கூடாது. என்ன எழுதுவது?

பதில்:

எழுத உட்காரும் முன் அவருடைய வருகைப் பதிவை ஷிஃப்ட் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். எங்கள் ஆலையில் இராயக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒரு தம்பியின் பதிவை அப்படிப் பார்த்தபோது, தாமதங்கள் அத்தனையும் காலை 6 மணிக்குத் தொடங்கும் முதல் ஷிஃப்ட் வாரங்களில்தான் இருந்தன. இரண்டாம், மூன்றாம் ஷிஃப்ட்டுகளில் ஒரு நாள்கூட இல்லை. வேலையில் அக்கறை குறைந்தவர் எல்லா ஷிஃப்ட்டுக்கும் தாமதமாக வருவார். ஒரே ஷிஃப்ட்டில் மட்டும் தாமதம் என்றால், அந்த நேரத்தில் வீட்டிலோ வழியிலோ ஏதோ இடிக்கிறது என்று பொருள். இதை அறிந்தபின் எழுதும் கடிதத்தின் தொனி தானாகவே மாறிவிடும்.

அன்று ஷிஃப்ட் முடிந்ததும் அவருக்குத் தனியாக அனுப்பிய செய்தி இது:

"வணக்கம் தம்பி. இந்த மாதம் 3, 5, 6, 24, 26 ஆகிய தேதிகளில் முதல் ஷிஃப்ட்டுக்கு நீங்கள் 6.15 மணிக்குப் பிறகே வந்திருக்கிறீர்கள். நீங்கள் வந்து இயந்திரத்தை ஏற்கும்வரை இரவு முழுவதும் வேலை செய்தவர் வீட்டுக்குப் போக முடியவில்லை; அவர் ஏற வேண்டிய வேன் 6.15-க்குக் கிளம்பிவிடுகிறது. நாளை முதல் 5.55-க்கு இயந்திரத்தின் அருகில் இருக்க வேண்டும். காலையில் கிளம்புவதில் சிரமம் ஏதும் இருந்தால், நாளை 2 மணிக்கு என்னிடம் சொல்லுங்கள். முடிந்த ஏற்பாட்டைச் செய்யலாம். அடுத்த முதல் ஷிஃப்ட் வாரத்திலும் இது தொடர்ந்தால், எழுத்துமூலம் விளக்கம் கேட்க வேண்டியிருக்கும். உங்கள் இயந்திரத்திலிருந்து வரும் உருப்படிகளில் கழிவு குறைவு என்பதை நான் அறிவேன். அதனால்தான் மெமோவுக்கு முன்னால் நானே எழுதுகிறேன்."

இதில் "பொறுப்பில்லை", "எப்போதும் இப்படித்தான்" போன்ற சொற்கள் இல்லாததைக் கவனியுங்கள். அவை வந்தால் அவர் தன் குணத்துக்காக வாதாடத் தொடங்கிவிடுவார்; தேதியோடும் மணியோடும் வாதாட ஒன்றுமில்லை. "உற்பத்தி பாதிக்கிறது" என்று பொதுவாக எழுதுவதைவிட, வேனைத் தவறவிட்டு வாசலில் நிற்கும் சக தொழிலாளியைச் சொல்வது அதிகம் உறைக்கும். இருவரும் நாளை அதே இயந்திரத்தின் அருகே முகம் பார்க்க வேண்டியவர்கள் என்பதால் அவர் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள். ஷிஃப்ட் வாட்ஸப் குழுவில் இதைப் போடவே கூடாது.

அவகாசத்தை "அடுத்த மாதம்" என்று எழுதாமல் "அடுத்த முதல் ஷிஃப்ட் வாரம்" என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. மூன்று ஷிஃப்ட் சுழற்சியில் இடைப்பட்ட இரண்டு வாரங்களும் எப்படியும் தாமதமின்றிக் கழியும். அதை வைத்து அவர் திருந்திவிட்டார் என்று நாம் நினைத்தால், மூன்றாவது வாரம் ஏமாந்துபோவோம்.

"இனி தாமதமானால் அரை நாள் சம்பளம் பிடிக்கப்படும்" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். பல ஆலைகளில் இது வாய்வழக்கமாக இருக்கிறது. ஆனால் வேலைக்கு வராத நேரத்துக்கு ஈடான கூலியை மட்டுமே அதற்காகப் பிடிக்கலாம் என்பது 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலும் இருந்தது, 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. இருபது நிமிடத் தாமதத்துக்கு அரை நாள் கூலி என்று நீங்களே எழுத்தில் தந்துவிட்டால், தவறு உங்கள் பக்கம் வந்துவிடும்.

மறுநாள் அந்தத் தம்பி சொன்ன காரணம், விடியற்காலையில் தக்காளிப் பெட்டிகளை மண்டி வண்டியில் ஏற்ற அப்பாவுக்கு வேறு ஆள் இல்லை என்பது. சீசன் முடியும்வரை, அவருக்கும் சம்மதமுள்ள இன்னொருவருக்கும் முதல், இரண்டாம் ஷிஃப்ட்டுகளை மாற்றிக்கொடுத்தோம். இப்படி மாற்றித் தர உங்களிடம் ஆள் இல்லையென்றால், கடிதத்தில் "ஏற்பாடு செய்யலாம்" என்ற வரியை எழுதாமல், "சொல்லுங்கள், கேட்கிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த முதல் ஷிஃப்ட் வாரத்தில் உங்கள் ஆபரேட்டர் நேரத்துக்கு வந்தால், சனிக்கிழமை அதைக் குறிப்பிட்டு ஒரு வரி அனுப்புங்கள். வரவில்லையென்றால் இரண்டாவது முறை இதே போன்ற அன்பான செய்தியை அனுப்பாமல், முதல் செய்தியின் நகலையும் புதிய தேதிகளையும் இணைத்துப் பணியாளர் பிரிவு வழியாக மெமோ கொடுத்து, விளக்கம் தர அவருக்குப் போதிய அவகாசம் கொடுங்கள்.