மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்க வலி: எம்.ஆர்.ஐ. காட்டிய ஓட்டை, காட்டாத கிழிசல்

கேள்வி: நான்கு மாதத்துக்கு முன் வலது கையை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்றார்கள். இன்றும் ஈரத்துணியைப் பிழிந்தாலோ, நாற்காலியில் கை ஊன்றி எழுந்தாலோ மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் சுரீரென்று வலிக்கிறது. சில சமயம் 'டக்' என்று சத்தமும் வருகிறது. எம்.ஆர்.ஐ.யில் முக்கோணக் குருத்தெலும்பின் நடுவில் ஓட்டை என்று வந்திருக்கிறது. ஒரு மருத்துவர் மூட்டுக்குள் மெல்லிய குழாய் விட்டுப் பார்க்கும் ஆர்த்ரோஸ்கோப்பி செய்யலாம் என்கிறார், இன்னொருவர் ஆறு வாரம் கட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (வயது 38)

பதில்: அந்த ஓட்டையை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. உங்கள் மணிக்கட்டுக்கு மேலே இருக்கும் மூட்டு ஆடுகிறதா, உறுதியாக நிற்கிறதா என்பதுதான் முடிவு செய்யும். இரண்டு மருத்துவர்களில் யாராவது இன்னொரு கையையும் சேர்த்துப் பிடித்து அசைத்துப் பார்த்தார்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்பும்போது சுண்டுவிரல் பக்கத்து எலும்பான அல்னா பெரும்பாலும் அசையாமல் நிற்கிறது. கட்டைவிரல் பக்கத்து ரேடியஸ்தான் கையையும் இழுத்துக்கொண்டு அதைச் சுற்றி வருகிறது. அல்னாவின் உருண்டைத் தலை ரேடியஸில் இருக்கும் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பள்ளம் ஆழமில்லாதது, தலையின் வளைவுக்குச் சரியாகப் பொருந்துவதும் இல்லை. தட்டில் வைத்த பந்துபோலத்தான் இருக்கிறது. பந்து உருண்டு ஓடாமல் பிடித்துவைப்பது முக்கியமாகத் தசைநார்கள். ரேடியஸின் முன் விளிம்பிலிருந்து ஒன்று, பின் விளிம்பிலிருந்து ஒன்று என இரண்டு பட்டைகள் கிளம்பி அல்னாவில் வந்து சேர்கின்றன. ஒவ்வொரு பட்டையும் இரண்டாகப் பிரிகிறது. மேலோட்டமான இழைகள் அல்னாவின் முனையில் துருத்திக்கொண்டிருக்கும் கூர்ப்பகுதியில் ஒட்டுகின்றன. ஆழமான இழைகள் அந்தக் கூர்ப்பகுதியின் அடியில் இருக்கும் சின்னக் குழியில் பதிகின்றன. அந்தக் குழிக்கு ஃபோவியா என்று பெயர். மூட்டைப் பிடித்து நிறுத்துவதில் பெரும் பங்கு அந்த ஆழமான இழைகளுக்குத்தான்.

இரண்டு பட்டைகளுக்கும் நடுவே விரித்த மெல்லிய குருத்தெலும்புத் தட்டில்தான் உங்கள் ஓட்டை இருக்கிறது. அது ஒரு மெத்தை, மூட்டைக் கட்டிப்போடும் வேலை அதற்கு இல்லை. நடுப்பகுதியில் ரத்த ஓட்டம் கிடையாது, அதனால் அங்கே கிழிந்தால் தானாக ஒட்டாது. ஆனால் வலியே இல்லாதவர்களின் மணிக்கட்டிலும் வயது ஏற ஏற இந்த ஓட்டை சாதாரணமாகக் காணப்படுகிறது. வலிக்காத உங்கள் இடது கையைப் படம் எடுத்தால் அதிலும் இருக்க வாய்ப்புண்டு. தட்டை அந்த ஆழமான இழைகளோடு எலும்பில் சேர்க்கும் விளிம்பின் கதை வேறு. அங்கே ரத்தம் ஓடுகிறது, எலும்போடு சேர்த்துப் பிடித்துவைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

எம்.ஆர்.ஐ. இந்த இரண்டையும் ஒரே தெளிவோடு காட்டுவதில்லை. நடுவில் ஓட்டை இருந்தால் மூட்டுத் திரவம் அதற்குள் புகுந்து வெள்ளைக் கோடாகப் பளிச்சென்று தெரியும். ஃபோவியாவில் பதியும் இழைகளோ சில மில்லிமீட்டர் அகலம்தான். கை வைத்த கோணம் கொஞ்சம் மாறினாலும், பழைய காயத்தில் தழும்பு வளர்ந்து இடைவெளியை மூடியிருந்தாலும், அவை பிடுங்கிக்கொண்டு வந்திருப்பது படத்தில் தவறிப்போகும். ஆகவே அறிக்கையில் முதலில் எழுதப்படுவது வலிக்குக் காரணமே இல்லாத ஒன்றாக இருக்கலாம்.

இதை நான் நோயாளியிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். பயிற்சி முடித்த புதிதில், உங்களுடையதைப் போன்ற அறிக்கையோடு வந்த ஒருவருக்கு ஓட்டையின் பிசிறுகளைச் சீவிச் சரிசெய்து அனுப்பினேன். மூன்று மாதத்தில் அதே வலியோடு திரும்பி வந்தார். விளிம்பைக் கொக்கியால் இழுத்துச் சோதிக்காமல் விட்டது என் தவறு. அவருக்கு இரண்டாவது அறுவை சிகிச்சை தேவைப்பட்டது.

இன்னொருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மர வேலை செய்யும் 27 வயது இளைஞர். துளையிடும் இயந்திரத்தின் முனை மரத்துக்குள் சிக்கி, இயந்திரம் அவர் கையையும் சேர்த்து முறுக்கிவிட்டது. ஐந்து மாதம் கழித்து வந்தார். எம்.ஆர்.ஐ. சொன்னது நடுவில் சிறிய ஓட்டை, அவ்வளவுதான்.

முழங்கையை மேசையில் ஊன்றச் சொல்லி, அல்னாவின் கூர்முனைக்கும், அதற்கு உள்ளங்கைப் பக்கமாகக் கயிறுபோல ஓடும் தசைநாணுக்கும் இடையில் இருக்கும் மெத்தென்ற பள்ளத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "இந்த வலிதான் டாக்டர், இதேதான்" என்றார். பிறகு ரேடியஸை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு அல்னாவின் தலையை முன்னும் பின்னும் அசைத்தேன். உள்ளங்கை பக்கவாட்டில் பார்க்கும்போது எல்லோருக்குமே கொஞ்சம் அசையும். உள்ளங்கையை முழுதாக மேலே திருப்பியதும் நல்ல கை பூட்டுப் போட்டதுபோல நின்றுவிட்டது. காயம்பட்ட கை அப்போதும் வழுக்கிக்கொண்டே போனது, டக்கென்று முட்டி நிற்கும் எல்லையே இல்லை. படம் என்ன சொன்னாலும் ஆழமான இழைகள் போய்விட்டன என்று அங்கேயே ஓரளவு தெரிந்துவிட்டது.

ஆர்த்ரோஸ்கோப்பியில் விரல்களைக் கட்டி ஏறக்குறைய ஐந்து கிலோ இழுவையில் கையைத் தொங்கவிட்டு, 2.7 மில்லிமீட்டர் குழாயை மணிக்கட்டின் பின்பக்கமாக உள்ளே விட்டோம். முதல் பார்வையில் தட்டு நன்றாகவே இருந்தது. ஓட்டையின் ஓரங்கள் வழுவழுவென்று இருந்தன, அதாவது ஓட்டை பழையது, இயந்திரம் முறுக்கியதால் வந்ததாகத் தெரியவில்லை. அடுத்து சிறு கம்பியால் தட்டை அழுத்தினேன். ஆரோக்கியமான தட்டு இழுத்துக் கட்டிய துணிபோல மீண்டு எழும்பும். இது ஈரத்துணிபோல அமுங்கியது. பிறகு சுண்டுவிரல் பக்கத்து விளிம்புக்கு அடியில் கொக்கியை மாட்டிக் கட்டைவிரல் பக்கமாக இழுத்தேன். முழுத் தட்டும் அலைபோல மேலெழும்பி வந்தது. விளிம்பு எலும்பில் ஒட்டியிருந்தால் இது நடக்காது. உறுதிசெய்துகொள்ள, தட்டுக்குக் கீழே, இரண்டு எலும்புகளும் சேரும் மூட்டுக்குள்ளேயே குழாயை விட்டுப் பார்த்தோம். ஃபோவியா வெறும் எலும்பாகக் கிடந்தது, மேலே தழும்பு மட்டும். மேலிருந்து மட்டும் பார்த்திருந்தால் கடைசிவரை இது கண்ணில் பட்டிருக்காது.

ஓட்டையை நாங்கள் தொடவே இல்லை. ஃபோவியாவைச் சுரண்டி ரத்தம் கசியும் எலும்பாக்கி, அதில் ஒரு நூல் நங்கூரத்தைப் பதித்து விளிம்பை அதன்மேல் இழுத்துக் கட்டினோம். முழங்கைக்கு மேல்வரை ஆறு வாரம் கட்டு, ஏனென்றால் முழங்கை வளையும்படி விட்டால் முன்கை திரும்புவதைத் தடுக்க முடியாது. பிறகு மெல்ல மெல்லத் திருப்பும் பயிற்சி, மூன்றாம் மாதத்திலிருந்து பிடிப்பு வலுவுக்கான பயிற்சி, ஆறாம் மாதத்தில் மறுபடி இயந்திரம். உள்ளங்கையை முழுதாக மேலே திருப்பும்போது கொஞ்சம் குறை இன்னும் இருக்கிறது. இந்தச் சிகிச்சையின் விலையாக அப்படிச் சிறு இறுக்கம் நிற்கக்கூடும் என்பதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். புறங்கையில் சுண்டுவிரல் பக்கத்து உணர்ச்சி நரம்பு வெட்டுமிடத்துக்கு மிக அருகில் ஓடுகிறது, அது சிராய்ந்தால் சில காலம் மரத்துப்போகலாம்.

உங்களுக்கு வருகிறேன். மேலே சொன்ன பள்ளத்தை நீங்களே அழுத்திப் பார்க்கலாம், இடது கையிலும் அழுத்தி ஒப்பிடுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. அழுத்தினால் வலிக்கிறது, ஆனால் மூட்டு ஆடவில்லை என்றால், அங்கிருந்து மணிக்கட்டின் சிறு எலும்புக்கு ஓடும் தசைநார் நெடுக்குவாட்டில் பிளந்திருக்கலாம், அது வேறு காயம். ஆடுகிறதா என்பதை நீங்களே சோதிக்க முடியாது, தளர்ந்த கையை இன்னொருவர்தான் பிடிக்க வேண்டும். 'டக்' சத்தத்தையும் கவனியுங்கள். உள்ளங்கையை மேலே திருப்பி மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும்போது புறங்கைப் பக்கம் ஒரு நாண் துள்ளிக் குதிப்பது கண்ணுக்குத் தெரிந்தால், சத்தம் அந்த நாண் தன் பாதையிலிருந்து விலகுவதால் வருவது.

எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்பதோடு நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது. அல்னா ரேடியஸைவிட நீளமா என்றும் பார்க்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் மணிக்கட்டு தாங்கும் பாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் அல்னாவுக்குப் போகிறது. அது 2.5 மில்லிமீட்டர் நீண்டிருந்தால் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்காகிறது. அப்படிப்பட்ட கையில் நடு ஓட்டை என்பது நீண்ட எலும்பு இடித்து இடித்துத் தேய்ந்ததன் விளைவு. அதை மட்டும் சீவிவிட்டால் வலி பெரும்பாலும் திரும்பிவிடும், எலும்பின் நீளத்தைக் குறைப்பதுதான் சிகிச்சை. தோள் உயரத்துக்குக் கையைப் பக்கவாட்டில் தூக்கி, முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கி எடுத்த படத்தில்தான் நீளத்தை நம்பி அளக்கலாம். உள்ளங்கையைக் கீழே திருப்பினாலும் முஷ்டியை இறுக்கினாலும் அல்னா இன்னும் முன்னே வரும், அதனால் முஷ்டி மூடிய படம் ஒன்றும் எடுக்கச் சொல்லுங்கள்.

மூட்டு உறுதியாக நின்று, அல்னாவும் நீளமில்லை என்றால், இரண்டாவது மருத்துவர் சொன்ன ஆறு வாரக் கட்டை முதலில் முயல்வது நியாயம். அந்தக் காலத்தில் பிழிவது, திருகுவது, கை ஊன்றி எழுவது மூன்றும் கூடாது. இவற்றை விடாமல் கட்டு மட்டும் போட்டுக்கொண்டவர்களிடம் அது பலித்து நான் பார்த்ததில்லை. மூட்டு ஆடுகிறது என்றால் இன்னும் ஆறு வாரம் காத்திருந்து லாபமில்லை, பிடுங்கப்பட்ட முனை சுருங்கிக்கொண்டே போகும், மாதங்கள் கூடக்கூட இழுத்துக் கட்டக் கிடைக்கும் திசு குறையும். நான்கு மாதம் என்பது இன்னும் கைநழுவாத காலம்தான். ஆனால் அந்த மூட்டில் ஏற்கனவே குருத்தெலும்பு தேய்ந்திருந்தால் ஃபோவியாவில் கட்டுவது வலியைத் தீர்க்காது, அதையும் உள்ளே போனவுடன் பார்த்துவிட்டுத்தான் தையலில் இறங்க வேண்டும்.

ஆர்த்ரோஸ்கோப்பிக்குச் சம்மதிக்கும் முன் அந்த மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: கொக்கி போட்டு விளிம்பை இழுத்துப் பார்ப்பீர்களா, அது கழன்று வந்தால் அதே மயக்கத்தில் அங்கேயே கட்டும் ஏற்பாடு இருக்கிறதா? இல்லை என்று பதில் வந்தால் வேறொரு கை அறுவை நிபுணரைப் பாருங்கள்.